கல்லில் இல்லாத இடைவெளி: பேச்சிப்பள்ளக் கல்வெட்டுத் தொடரொன்றில் உயிர், மெய் எண்ணும் முறை குறித்த மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு தொடரில் உள்ள உயிர்களையும் மெய்களையும் கணினிவழி எண்ணும் பயிற்சி, ஆங்கில நெடுங்கணக்கை அடிப்படையாகக் கொண்டு உருவானது. அதனை மாற்றமின்றித் தமிழுக்குப் பொருத்தும்போது உயிர்களின் எண்ணிக்கை பெரும் பிழைக்கு உள்ளாகிறது. மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணர் மலையில் உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுத் தொடர் ஒன்றைச் சான்றாகக் கொண்டு, அப்பிழை எங்கே நேர்கிறது என்பதையும், இடைவெளி, எண், நிறுத்தக்குறி ஆகியவற்றை நீக்குதல் தமிழில் எவ்வாறு பொருள்படும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உயிர், மெய், உயிர்மெய், ஒற்று, புள்ளி, வட்டெழுத்து, ஒருங்குறி, கீழக்குயில்குடி

முன்னுரை

கீழக்குயில்குடியின் சமணர் மலையில் பேச்சிப்பள்ளம் என வழங்கும் பகுதியில், பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருமேனிகளும் அவற்றின் கீழே சிறு சிறு வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் அவற்றுள் ஒன்று, அச்சணந்தியின் தாயார் குணமதியார் ஒரு திருமேனியைச் செய்வித்த செய்தியைக் கூறுகிறது. பதிப்புகளில் அது பின்வருமாறு தரப்படுகிறது:

ஸ்ரீ அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி ஸ்ரீ

சிறிய தொடர்தான். எனினும் இதில் எத்தனை உயிர், எத்தனை மெய் என்னும் வினாவை எழுப்பினால், எண்ணுபவரின் முறையைப் பொறுத்து 1 முதல் 28 வரை உயிர்களின் தொகை மாறுகிறது. எழுத்துப் பரவல், நடையியல், ஓசை ஆகியன பற்றிய ஆய்வுகள் இத்தகைய எண்ணிக்கைகளின்மீதே எழுப்பப்படுகின்றன. எனவே எண்ணும் முறை முதலில் மதிப்பிடப்பட வேண்டும்.

கையால் எண்ணிய கணக்கு

கணினியை நாடுமுன் தொடரைக் கையால் எண்ணிவிடுவது நலம். அச்சணந்தி என்னும் சொல்லில் அ, ச், ச, ண, ந், தி என ஆறு எழுத்துகள் உள்ளன. இவற்றுள் அ உயிர். ச், ந் ஆகியன மெய். ச, ண, தி ஆகிய மூன்றும் உயிர்மெய். உயிர்மெய் என்பது மெய்யும் உயிரும் கூடிய ஒலிவடிவம் என்பதால், அஃது இரு பக்கமும் ஒவ்வொன்றாகச் சேரும். ஆகவே இச்சொல்லில் உயிர் 4, மெய் 5.

இவ்வாறே தாயார் என்பதில் உயிர் 2, மெய் 3. குணமதியார் என்பதில் உயிர் 5, மெய் 6. செய்வித்த என்பதில் உயிர் 3, மெய் 5. திருமேனி என்பதில் உயிர் 4, மெய் 4. தொடக்கத்திலும் இறுதியிலும் வரும் ஸ்ரீ ஒவ்வொன்றையும் ஸ், ரீ எனப் பிரித்தால் உயிர் 1, மெய் 2 கிடைக்கின்றன. மொத்தத்தில் உயிர் 20, மெய் 27. எழுத்து வகையால் நோக்கின் தனி உயிர் 1, ஒற்று 8, உயிர்மெய் 19; ஆக எழுத்துகள் 28.

இங்கு ஒரு தெளிவு தேவை. ‘இத்தொடரில் எத்தனை உயிரெழுத்து உள்ளது’ என வினவினால் ‘ஒன்று’ என்பதும் தவறன்று. நெடுங்கணக்கின் வகைப்படி அ ஒன்றே அங்குத் தனி உயிராக நிற்கிறது. உயிரொலியை எண்ணினால் விடை 20. இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்குரிய விடைகள். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு எழுவதில்லை, ஏனெனில் அங்கு உயிரும் மெய்யும் எப்போதும் தனித்தனியே எழுதப்படுகின்றன. ஆங்கிலத் தொடரொன்றின் கணக்கோடு தமிழ்த் தொடரின் கணக்கை ஒப்பிடும் ஆய்வு, இரண்டாவது வினாவையே கேட்கிறது. இனி இக்கட்டுரையில் உயிர், மெய் என்பன அப்பொருளிலேயே வழங்கும்.

எழுதப்படாத அகரம்

நிரலாக்கப் பயிற்சிகளில் இக்கணக்கிற்கு வழங்கப்படும் முறை எளியது. உயிரெழுத்துகளை ஒரு பட்டியலாகக் கொள்வர். தொடரின் ஒவ்வொரு குறியையும் எடுத்து, அது பட்டியலில் இருந்தால் உயிர் என்றும், இல்லாமல் எழுத்தாக மட்டும் இருந்தால் மெய் என்றும் கூட்டுவர். எழுத்தா அன்றா என்பதைப் பைத்தான் மொழியின் `isalpha` போன்ற சோதனை முடிவு செய்யும். பட்டியலில் a, e, i, o, u ஆகியவற்றிற்கு மாறாக அ முதல் ஔ வரை பன்னிரண்டையும் இட்டுவிட்டால் தமிழுக்கு ஆயிற்று எனப் பலரும் கருதுகின்றனர்.

மேற்கண்ட தொடருக்கு இம்முறை தரும் விடை உயிர் 1, மெய் 27. மெய்யின் தொகை சரியாக அமைந்துவிடுவதே இப்பிழையை மறைக்கிறது. ஒருங்குறியில் ‘தா’ என்பது ஒரு குறியன்று. த என்னும் மெய்க்குறியும் அதன்பின் ஆகாரக் குறியும் ஆக இரண்டு. அவ்வாறே ‘ர்’ என்பது ர என்னும் குறியும் புள்ளியும். துணைக்குறிகளும் புள்ளியும் எழுத்து என்னும் வகையில் வைக்கப்படாமல் சார்குறி என்னும் வகையில் வைக்கப்பட்டுள்ளன. எனவே `isalpha` அவற்றை ஒதுக்கிவிடுகிறது. மெய்க்குறிகள் மட்டும் எஞ்சி 27 எனச் சரியாக எண்ணப்படுகின்றன.

இதனை உணர்ந்தோர் அடுத்த படியாகத் துணைக்குறிகளையும் உயிர்ப்பட்டியலில் சேர்க்கின்றனர். அப்போது உயிர் 15 ஆகிறது. முன்னைய விடையைவிட நெருங்கியது. ஆயினும் ஐந்து குறைகிறது. அச்சணந்தியில் ச, ண. குணமதியாரில் ண, ம. செய்வித்தவில் இறுதித் த. விடுபட்ட ஐந்தும் அகரமேறிய உயிர்மெய்கள். அகரத்துக்குத் துணைக்குறி இல்லை. புள்ளி இல்லாமையே அகரம் உண்டு என்பதற்கு அறிகுறி. இல்லாத குறியைப் பட்டியலில் சேர்க்க இயலாது என்பதால், பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் இம்முறை நிறைவுறாது. தமிழ்த் தொடர்களில் அகரம் மிகுதியாகப் பயில்வது என்பதால், இக்குறை ஒரு சில எழுத்தளவில் நின்றுவிடுவதும் இல்லை.

ஒற்று நீக்கி எண்ணும் மரபு

இதற்குரிய தீர்வு யாப்பு மரபிலேயே உள்ளது. கட்டளைக் கலித்துறையின் அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்தும் நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்தும் பெறும் என்பது விதி. அவ்வாறு எண்ணும்போது ஒற்றுகளை விலக்கி எண்ணுவர். ஒற்றை விலக்கினால் எஞ்சுவன தனி உயிரும் உயிர்மெய்யுமே. அவை ஒவ்வொன்றும் ஓர் உயிரை, ஓர் உயிரை மட்டுமே, தாங்கி நிற்கின்றன. ஆகவே திருக்கோவையார், அபிராமி அந்தாதி போன்ற நூல்களின் அடிகளை ‘ஒற்று நீக்கி’ எண்ணிய புலவர், அடியின் உயிர்களையே எண்ணியிருக்கின்றனர்.

இக்கருத்தைக் கணினிக்குக் கொண்டுசென்றால் துணைக்குறிகளைப் பற்றிய கவலையே நீங்கிவிடுகிறது. தனி உயிர்க்குறிகளின் தொகையோடு மெய்க்குறிகளின் தொகையைக் கூட்டிப் புள்ளிகளின் தொகையைக் கழித்தால் உயிர் கிடைக்கும். மெய்க்குறிகளின் தொகையே மெய்.

```python
UYIR = set("அஆஇஈஉஊஎஏஐஒஓஔ")
MEY = set("கஙசஞடணதநபமயரலவழளறனஜஶஷஸஹ")
PULLI = "\u0bcd"

def ennu(s):
    u = m = o = 0
    p = ""
    for c in s:
        if c in UYIR: u += 1
        elif c in MEY: m += 1
        elif c == PULLI and p in MEY: o += 1
        p = c
    return u + m - o, m
```

பேச்சிப்பள்ளத் தொடருக்கு u = 1, m = 27, o = 8. எனவே உயிர் 1 + 27 − 8 = 20; மெய் 27. கையால் எண்ணியதோடு ஒத்துவருகிறது. புள்ளிக்கு முன் மெய்க்குறி உள்ளதா எனப் பார்ப்பது, தட்டச்சுப் பிழையால் ஒரே மெய்க்குப் புள்ளி இருமுறை இடப்பட்டிருந்தால் அதனை விலக்குவதற்காக. ஒகர உயிர்மெய்க் குறியைச் சிலர் ஒரே குறியாகவும், சிலர் கொம்பு, கால் என இரு குறிகளாகவும் உள்ளிடுவர். துணைக்குறிகளையே எண்ணாத இம்முறையில் அவ்வேறுபாடு கணக்கைப் பாதிப்பதில்லை.

ஆய்தம் இரு பட்டியலிலும் இல்லை. தொல்காப்பியம் அதனை உயிரோடும் மெய்யோடும் வைக்காமல் சார்ந்துவரும் மூன்றனுள் ஒன்றாக வைக்கிறது. ‘அஃது’ என்பதில் உயிர் 2, மெய் 1, ஆய்தம் 1 எனத் தனியே காட்டுவதே முறை. `isalpha` வழி எண்ணும் முறையோ ஆய்தத்தை ஓசையின்றி மெய்யாக்கிவிடும்.

இம்முறையின் எல்லையை ஔகாரத்தில் காணலாம். ‘ஔவை’ என்பதில் உயிர் 2, மெய் 1. அதனையே ஒகரமும் ளகரமுமாக ‘ஒளவை’ எனத் தட்டச்சிட்டிருந்தால் உயிர் 3, மெய் 2 என வரும். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். ‘ஒளி’ போன்ற சொற்களில் ஒகரத்தை அடுத்து ளகரம் முறையாகவே வருவதால் இதனைத் தானியங்கியாகத் திருத்த இயலாது. ‘ஒள’ வரும் இடங்களைத் தேடியெடுத்து ஒருவர் பார்த்தே தீர வேண்டும்.

நிறுத்தக்குறியை நீக்குதல்

நிறுத்தக்குறிகளை விலக்கும் படியில்தான் மிகப் பெரும் சிதைவு நேர்கிறது. எண்ணுவதற்கு முன் தொடரைத் ‘தூய்மை’ செய்யும் வழக்கம் உண்டு. அதற்குப் பைத்தானில் பலரும் கையாளும் கட்டளை `re.sub(r"[^\w\s]", "", s)` என்பது. சொல்லெழுத்தும் இடைவெளியும் அல்லாத அனைத்தையும் நீக்குக என்பது இதன் பொருள். ஆங்கிலத்தில் இது காற்புள்ளியையும் முற்றுப்புள்ளியையும் நீக்கும். தமிழிலோ துணைக்குறிகளும் மெய்ப்புள்ளியும் `\w` என்னும் வகைக்குள் அடங்காமையால், அவையும் உடன் நீக்கப்படுகின்றன. நம் தொடர் பின்வருமாறு ஆகிறது:

ஸர அசசணநத தயர கணமதயர சயவதத தரமன ஸர

தூய்மை செய்வதற்காக நீக்கப்பட்டவற்றுள் ஒன்றுகூட நிறுத்தக்குறி அன்று. மூலத்தொடரில் நிறுத்தக்குறியே இல்லை. இதன்பின் மேற்கண்ட `ennu` நிரலை இயக்கினால் புள்ளி ஏதும் இன்மையால் உயிர் 28, மெய் 27 என வரும். சரியான நிரல், சிதைந்த தொடருக்குச் சரியாகவே விடை கூறுகிறது. ஒரு தமிழ்த் தொடரில் உயிர் மெய்யைவிட மிகுந்து வந்தால் ஐயுற வேண்டும். உயிர் மிகுவதற்குத் தனி உயிர்கள் ஒற்றுகளைவிட மிகுந்திருத்தல் வேண்டும். நெடிய தொடரில் அது மிக அரிது. உயிர்மெய் இரு பக்கமும் சமமாகச் சேர்வதால், மெய்யிலிருந்து உயிரைக் கழித்தால் வருவது ஒற்றிலிருந்து தனி உயிரைக் கழித்தால் வருவதற்குச் சமமாக அமைய வேண்டும். நம் தொடரில் 27 − 20 = 7; 8 − 1 = 7. கையால் சரிபார்க்க இந்த ஒரு சமன்பாடு போதும்.

வேண்டாதவற்றைப் பட்டியலிட்டு நீக்குவதைக் கைவிட்டு, வேண்டியவற்றை மட்டும் பட்டியலிட்டு ஏற்பதே இங்குத் தகுந்த வழி. `ennu` அவ்வாறே செய்கிறது. இடைவெளி, கோடு, மேற்கோள் குறி, கண்ணுக்குப் புலப்படாத இணைப்பு நீக்கக் குறி என எது வந்தாலும், அது எதுவென அறியாமலே கடந்துவிடுகிறது.

எண்ணா, எழுத்தா

எண்களை விலக்குவதும் இவ்வழியில் தானே நிகழ்கிறது. ௧, ௨ முதலிய தமிழ் எண்களுக்கு ஒருங்குறியில் எழுத்துகளினின்று வேறான இடங்கள் உள்ளன. எண்களை மட்டும் தேடி நீக்கும் முறையில் ௰, ௱, ௲ ஆகியன தப்பிவிடும். அவை பத்து, நூறு, ஆயிரம் ஆகிய அளவுகளைக் குறிப்பன என்பதால் பைத்தானின் `isdigit` அவற்றை இலக்கமாக ஏற்பதில்லை. ஏற்கும் பட்டியல் முறையில் இச்சிக்கல் எழுவதே இல்லை.

தீராத சிக்கல் வேறொன்று உண்டு. க, உ, எ, அ ஆகிய எழுத்துகளின் வடிவிலேயே 1, 2, 7, 8 ஆகியவற்றின் எண்களும் அமைந்தவை. பழைய நூல்களைத் தட்டச்சிட்டோர் பலர், எண்ணுக்குரிய விசை இன்மையால், எழுத்தையே எண்ணாக இட்டுள்ளனர். கல்வெட்டுப் பதிப்புகளில் ஆட்சியாண்டு வரும் இடத்தில் இது நேர்ந்தால் கணக்குப் பிறழும். எடுத்துக்காட்டுக்காக அமைத்துக்கொண்ட தொடர் ஒன்றைக் காண்க. ‘யாண்டு ௮ ஆவது’ என்பதில் உயிர் 5, மெய் 5. அங்கு ௮ என்பதற்கு மாறாக அகர எழுத்து இருந்தால் உயிர் 6, மெய் 5. ‘யாண்டு எட்டாவது’ என எழுத்தால் எழுதியிருந்தால் உயிர் 6, மெய் 7. மூன்றும் கூறும் பொருள் ஒன்றே. முதலாவதும் மூன்றாவதும் முறையான வேறுபாடு. கல்லில் எண் இருந்ததா எழுத்து இருந்ததா என்பதைப் பொறுத்தது. இரண்டாவது பிழை. தனித்து நிற்கும் ஓரெழுத்து, யாண்டு, நாள், காசு, கலம் போன்ற சொற்களை ஒட்டி வருமாயின் அதனை ஐயுற்று நோக்க வேண்டும்.

புள்ளி இல்லாத கல்

இதுவரை கூறியன பதிப்பித்த தொடரைப் பற்றியவை. கல்லுக்குச் சென்றால் நிலை மாறுகிறது. வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் மெய்க்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. படிப்பவர் மொழியறிவால் எது ஒற்று, எது அகரமேறிய மெய் எனத் துணிகிறார். நம் தொடரில் கிரந்த ஸ்ரீ இரண்டையும் விட்டுவிட்டால், எஞ்சிய 24 எழுத்துகளில் ச், ந், ர், ர், ய், த் என ஆறு ஒற்றுகள் உள்ளன. முறையான கணக்கு உயிர் 18, மெய் 23. புள்ளியின்றி உள்ளவாறே எண்ணினால் உயிர் 24 ஆகிவிடும். மெய் 23 என்பதில் மாற்றமில்லை.

மெய்யின் தொகை எழுதுமுறையால் அசையாமல் நிற்கிறது என்பதும், உயிரின் தொகை பதிப்பாசிரியர் இட்ட புள்ளிகளைச் சார்ந்தே அமைகிறது என்பதும் இதனால் புலனாகும். தூய்மைக் கட்டளை செய்த சிதைவும் கல்லின் எழுத்துமுறையும் உயிர்க்கணக்கில் ஒரே திசையில் பிறழ்வது தற்செயலன்று; இரண்டிலும் காணாமற்போவது புள்ளியே. எனவே கல்வெட்டுத் தொகுதியொன்றின் உயிர்க்கணக்கை வெளியிடுவோர், அது கல்லின் கணக்கா பதிப்பின் கணக்கா எனக் குறித்தல் வேண்டும். சிதைந்த இடத்தில் பகர அடைப்புக்குள் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பிய எழுத்துகளுக்கும் இது பொருந்தும். அடைப்புக்குறியை நிறுத்தக்குறி எனக் கருதி நீக்கிவிட்டால் ஊகித்த எழுத்தும் உள்ள எழுத்தும் வேறுபாடின்றிக் கலந்துவிடும். அடைப்பை உள்ளடக்கத்தோடு நீக்கி ஒருமுறையும், அடைப்பை மட்டும் நீக்கி ஒருமுறையும் எண்ணி, இரண்டையும் தருவதே நேர்மை.

இடைவெளி

இடைவெளியை விலக்குக என்னும் நிபந்தனை மிக எளியதாகத் தோன்றும். பேச்சிப்பள்ளத் தொடரின் பதிப்பில் ஆறு இடைவெளிகள் உள்ளன. கல்லில் அவை இல்லை. இத்தொடரில் அவற்றை நீக்கினாலும் வைத்தாலும் எழுத்து மாறுவதில்லை. காரணம், சொற்கள் சந்திக்கும் இடங்களில் புணர்ச்சி விகாரம் ஏதும் காட்டப்படாமையே.

பிற தொடர்களில் அவ்வாறு அமையாது. ‘வந்து அடைந்தான்’ என்பதில் உயிர் 5. ‘வந்தடைந்தான்’ என்பதில் உயிர் 4. முதற்சொல்லின் குற்றியலுகரம் கெட்டு, வருமொழி அகரம் அந்த மெய்யின்மேல் ஏறிவிட்டது. ‘மணி அடித்தான்’ என்பதில் மெய் 6. ‘மணியடித்தான்’ என்பதில் யகர உடம்படுமெய் தோன்றி மெய் 7 ஆகிறது. உயிர் இரண்டிலும் 5. பதிப்பாசிரியர் இடைவெளி இடும்போது வெற்றிடத்தை மட்டும் இடுவதில்லை, புணர்ச்சியையும் பிரிக்கிறார். எண்ணுபவர் வெற்றிடத்தை நீக்கிவிடலாம், ஆனால் அதனால் தோன்றிய உகரமும் மறைந்த யகரமும் கணக்கில் நிலைத்துவிடும்.

சங்க இலக்கியப் பதிப்புகளில் சீர்பிரித்த பாடம், சொல்பிரித்த பாடம் என இருவகையும் வழங்குகின்றன. ஒரே பாடலுக்கு இவ்விரு பாடங்களையும் `ennu` வழி எண்ணினால் வரும் வேறுபாட்டைப் பாடலின் இயல்பாகக் கொள்வது பொருந்தாது. அது பிரித்தவரின் கைவண்ணம். யாப்பு மரபினர் ஒற்று நீக்கி எண்ணியது புணர்ந்த நிலையில் நின்ற அடியையே. அவர்களின் கணக்கோடு ஒப்பிட விரும்புவோர் சொல்பிரித்த பாடத்தை எடுத்தால், கட்டளைக் கலித்துறையின் 16 எழுத்தடி 17 எனவும் 17 எழுத்தடி 18 எனவும் காட்டி, பிழையில்லாத பாட்டைப் பிழையுடையதாக்கும்.